இன்று பயிற்சி இல்லை

கொல்கத்தா மாநகரில் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பத்தார் முதல் ஆண்டிலேயே அறிந்துகொள்ளும் சொல் ஒன்று உண்டு. 'காலபைசாகி' என்பது அது. வங்காளியரின் பைசாக மாதம் நம்முடைய சித்திரையே ஆகும். அம்மாதத்தில் வரும் கேடு என்பது அச்சொல்லின் பொருள். பகலெல்லாம் வெயில் சுட்டெரிக்கும். நாலு மணி அளவில் வடமேற்கு மூலையில் மை கரைத்தாற்போல் ஒரு மேகம் எழும். அரை மணி நேரத்திற்குள் புழுதிக் காற்றும், அதன் பின்னே இடியும் மின்னலும் மழையும் நகரத்தின்மேல் வந்து விழும். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் காய்ந்த காற்றும், வங்கக் கடலினின்று வரும் ஈரக் காற்றும் கூடுவதால் பிறக்கும் இப்புயல், பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே நகரத்தை வந்தடைகின்றது. நம் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்படும் வேளையும் அதுவே.

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள ஒரு மைதானத்தில், எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி நடத்தி வருகிறோம். நாங்கள் நால்வர், பிள்ளைகள் இருபத்தாறு பேர். அவர்களுள் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, வங்காளியர், பீகாரிகள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மழையாலோ மைதானத்தின் கேட்டாலோ பயிற்சியை நிறுத்த நேரும்போது பெற்றோருக்கு நாங்கள் அனுப்பும் சிறு செய்தியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். ஐந்தாறு வரிச் செய்திதானே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் கால்பந்தை நிறுத்தும் வழக்கம் வங்கத்தில் இல்லை. 1898-இல் தொடங்கிய கொல்கத்தாக் கால்பந்து லீக் நெடுங்காலமாக மழைக்காலத்தை ஒட்டியே ஆடப்பட்டு வந்துள்ளது. 1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்றதும் மழைக்காலத்து மாதத்திலேதான். ஆகவே, மழை என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்தினால், "எங்கள் காலத்தில் சேற்றிலேயே ஆடினோமே" என்று வங்காளித் தந்தையர் கேட்பது இயல்பு. நம் தமிழ்த் தாய்மாரோ, நாலு தூறல் விழுந்தாலே பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அஞ்சுவர். இவ்விரு சாராருக்கும் ஒரே விடைதான் உண்டு. தூறலும் ஈரமும் பயிற்சியை நிறுத்தக் காரணமல்ல. இடி, பலத்த காற்று, நீர் தேங்கிய தரை, காலைக் கிழிக்கும் தரை ஆகியவையே காரணங்கள்.

இனி, எங்களுக்குப் பாடம் கற்பித்த ஒரு மாலையைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. பயிற்சி நாலரை மணிக்கு. மூன்று ஐம்பதுக்கு வடமேற்கில் மேகம் திரண்டது. எங்களுள் ஒருவர் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினார். 'மழை வரும்போல் இருக்கிறது. பயிற்சி நடப்பது ஐயம். நிலைமையைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிறோம்' என்பது அதன் கருத்து. அதைப் படித்தவருள் பாதிப்பேர் பயிற்சி இல்லை என்று கொண்டனர். பாதிப்பேர் உண்டு என்று கொண்டனர். எங்களுள் பயிற்சியளிக்க வேண்டியவரோ, புழுதிக் காற்றில் அகப்பட்டுப் பாதிவழியில் ஒரு கடையில் ஒதுங்கி நின்றுவிட்டார்.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நாலு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டான். தாயும் தந்தையும் அலுவலகத்தில் இருந்தார்கள். தந்தை செய்தியைப் படித்து, நின்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டார், தாய் படிக்கவில்லை. வீட்டில் இருந்தவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி. அவரிடம் இருந்த கைபேசி பேசுவதற்கு மட்டுமே உதவுவது. அதில் குழுவும் இல்லை, செய்தியும் இல்லை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பேரன் பந்தாடப் போவான் என்பது ஒன்றே அவர் அறிந்தது. காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சிறுவன் வந்து பார்த்தபோது மைதானத்தில் எவருமில்லை. காற்று வலுத்தது. அவன் செய்ததைத்தான் எந்தப் பிள்ளையும் செய்யும். மைதானத்து ஓரத்தில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் போய் நின்றான். எதிர்ச்சாரியில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் அவனைக் கண்டு, கடையைவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சிறிது நேரங்கழித்து அம்மரத்தின் கிளையொன்று முறிந்து, அவன் நின்ற இடத்திலேயே விழுந்தது. மழை ஓய்ந்தபின் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, பாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "வரவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருப்பேனா, அப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு நாங்கள் நால்வரும் கூடி அச்செய்தியை மறுபடியும் படித்துப் பார்த்தோம். அதில் பொய் ஒன்றுமில்லை. வானத்தைப் பற்றிய விவரம் சரியாகவே இருந்தது. ஆனால் வானம் எப்படி இருக்கிறது என்று எந்தப் பெற்றோரும் எங்களைக் கேட்கவில்லை. தம் பிள்ளை இந்நேரம் எங்கே இருக்கவேண்டும் என்பதே அவர்கள் அறிய வேண்டுவது. அக்கேள்விக்கு விடை சொல்லாத செய்தி, அனுப்பாத செய்தியைக் காட்டிலும் கெட்டது. ஏனெனில் ஒன்றும் வராவிட்டால் பெற்றோர் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். ஏதோ வந்துவிட்டது என்பதால் தத்தமக்குத் தோன்றியபடி பொருள்செய்துகொண்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

அன்று முதல் நாங்கள் கொண்ட முதல் விதி, முடிவு செய்ய ஒரு நேரம் வரையறுப்பது. எங்கள் பிள்ளைகளுள் மிகத் தொலைவிலிருந்து வருபவன் மூன்றே முக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். அதற்கு அரை மணி முன்னதாக, மூன்றேகால் மணிக்கு, நடக்கும் அல்லது நடவாது என்று முடிவைச் சொல்லிவிடுவோம். ஐயம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. ஐயமாக இருந்தால் நடவாது என்றே முடிவு. இதனால் சில நாட்களில் நாங்கள் நிறுத்திய பின்னர் மேகம் கலைந்து நல்ல வெயில் அடித்ததுண்டு. பிள்ளைகள் முகம் வாடியதும் உண்டு. அதனால் இழப்பது ஒரு மாலைப்பொழுது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டோம்.

மூன்றேகாலுக்கு முடிவு சொல்ல வேண்டுமாயின், மூன்று மணிக்கு எங்களுள் ஒருவர் மைதானத்தில் நிற்கவேண்டும். வீட்டுச் சன்னலில் இருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தகாது. இந்திய வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு உரிய முன்னறிவிப்பை மாவட்டந்தோறும் வெளியிடுகிறது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த 'தாமினி' என்ற கைபேசிச் செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி இருபது, நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் மின்னல் விழும் அபாயத்தைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டு, கண்ணையும் காதையும் திறந்துவைத்துக்கொள்கிறோம். மின்னலைக் கண்டவுடன் விநாடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்கு ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைக்குமேல் விழக்கூடும். டிராமும் பஸ்ஸும் இரையும் நகரத்தில் தொலைவிலுள்ள இடி காதில் விழுவதே அரிது. ஆதலால் இடி காதில் கேட்டாலே போதும், எண்ணிக்கொண்டு நிற்காமல் நிறுத்திவிடுவோம். ஒரு துளி மழை விழாதிருக்கும்போதே இது நேரலாம் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்கவேண்டும்.

அடுத்தது தரை. மழை விட்ட மறுநாள், வானம் பளிச்சென்று இருக்கையில், தரை கெட்டிருப்பதுண்டு. இதைப் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. குதிகாலை ஊன்றி எடுத்தால் அந்தத் தடத்தில் நீர் ஊறி நிற்கிறதா என்று பார்க்கிறோம். தோள் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டால் எழும்புகிறதா, சொத்தென்று விழுந்து அப்படியே கிடக்கிறதா என்று பார்க்கிறோம். கோல் வாயில் இரண்டிலும், நடுவிலும், நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்வது வழக்கம். பலர் மிதித்துத் தேய்வதால் கோல் வாயில்கள்தாம் முதலில் பள்ளமாகி நீர் பிடிக்கும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அதைக் கயிறு கட்டி விலக்கிவிட்டு மற்றப் பகுதியில் பயிற்சி நடத்தலாம். இரண்டு வாயிலும் நடுவும் கெட்டிருந்தால் நிறுத்தவேண்டியதுதான். நீர் நிற்கும் தரையில் வேகமாக ஓடிவரும் பிள்ளையின் கால் ஓரிடத்தில் புதைய, உடல் திரும்பிவிடுகிறது. முழங்காலும் கணுக்காலும் அப்போதுதான் பிசகுகின்றன. பெயர்த்து வைக்கும் கோல் கம்பங்களை இறுக்கிய முளைகளும், அவற்றின்மேல் இட்ட மணல் மூட்டைகளும் ஈரத்தில் தளர்ந்து விட்டனவா என்று கையால் அசைத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. தளர்ந்த கம்பம் ஒரு காற்றில், அல்லது ஒரு பிள்ளை தொங்கினால், கவிழ்ந்துவிடும்.

கொல்கத்தாவுக்கே உரிய இன்னொரு கேடு உண்டு. துர்க்கா பூசைக்காக மைதானங்களில் பந்தல் எழுப்புவார்கள். பூசை முடிந்து பந்தலைப் பிரித்தபின், மூங்கில் நட்ட குழிகளைத் தளர்ந்த மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மழை பெய்ததும் அம்மண் உள்ளே இறங்கும். மேலே புல்லும் சருகும் மூடிக்கிடக்கும். ஓர் ஆண்டு, பூசை முடிந்த பத்தாம் நாள் நாங்கள் வரிசையாக நின்று மைதானத்தை அடி அடியாக நடந்து பார்த்தோம். சிறுவன் பாதம் முழுதும் இறங்கக்கூடிய குழிகள் பதினொன்று இருந்தன. துருவேறிய ஆணிகள் ஒரு பிடி அகப்பட்டன. அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பயிற்சி இல்லை என்று செய்தி அனுப்பியதும், "வெயில் அடிக்கிறதே, ஏன்?" என்று உடனே கேள்விகள் வந்தன. ஆணிகளைக் கைக்குட்டையில் பரப்பிப் படம் பிடித்து அனுப்பினோம். கேள்விகள் நின்றன; மறுநாள் காலை ஆறு தந்தையர் மண்வெட்டியுடன் வந்து சேர்ந்தார்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில், ஆனால் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்பதை அன்று கற்றோம். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினால் எவரும் நம்புவதில்லை.

இப்பொழுது நாங்கள் அனுப்பும் செய்தியின் வாசகத்தை அப்படியே படிக்கிறோம்:

"இன்று, 11-ஆம் தேதி, சனிக்கிழமை மாலைப் பயிற்சி இல்லை. இடி கேட்கிறது, வடமேற்கில் புயல் மேகம் எழுந்துள்ளது. பிள்ளைகளை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டாம். வேறிடத்திலிருந்து நேரே வந்துகொண்டிருப்பவர்கள் மைதானத்தை அடுத்த பள்ளிக் கட்டடத்தின் கீழ்க் கூடத்துக்கு வரட்டும்; பயிற்சியாளர் ஐந்தரை மணிவரை அங்கே இருப்பார். இதைப் படித்தவர்கள் பிள்ளையின் பெயரையும், 'வீட்டில்' அல்லது 'வழியில்' என்ற சொல்லையும் பதிலாக அனுப்புக. அடுத்த பயிற்சி செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு."

இதில் முடிவு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. கைபேசியைத் திறக்காமல் முகப்பிலேயே பார்ப்பவருக்கும் அது தெரியும். நாளும் கிழமையும் இருப்பதால், பழைய செய்தியை மறுநாள் பார்த்து எவரும் மயங்கமாட்டார்கள். பயிற்சி இல்லை என்று சொன்ன நாளிலும் எங்களுள் ஒருவர் அந்தக் கூடத்தில் இருந்தே தீருவார். இதுவே எங்கள் விதிகளுள் மிக முக்கியமானது. டியூஷன் வகுப்பிலிருந்தோ நண்பன் வீட்டிலிருந்தோ நேரே வரும் பிள்ளைக்கு நம் செய்தி எட்டியிராது. அவன் வந்து பார்க்கும்போது பூட்டிய கதவும் வெறும் மைதானமும் இருக்கலாகாது.

பதில் கேட்பதும் இக்காரணம் பற்றியே. அனுப்பினோம் என்பது வேறு, போய்ச்சேர்ந்தது என்பது வேறு. மூன்றரை மணிக்குள் பதில் வராத வீடுகளைத் தொலைபேசியில் கூப்பிடுகிறோம். வழக்கமாக நாலைந்து வீடுகள் இருக்கும். செய்தியைத் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி, நாளும் காரணமும் மட்டும் மாற்றும்படி முன்னரே வைத்துள்ளோம். அவசரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொண்டிருக்க இயலாது. மேலும், ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். 'மாலை மூன்றரை மணிக்கு உங்கள் பிள்ளையை வாசலில் நின்று அனுப்புகிறவர் யார்?' என்பது அக்கேள்வி. பல வீடுகளில் அவர் தாயுமல்ல, தந்தையுமல்ல. பாட்டியோ, வேலைக்கு வரும் பெண்மணியோ, மூத்த சகோதரியோ ஆவர். அவருடைய எண்ணுக்கே முதலில் கூப்பிடுகிறோம். கும்பகோணத்துப் பாட்டிக்கு அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் குரலிலேயே செய்தி போயிற்று.

மூன்றேகாலுக்குப் பிறகு மேகம் எழுந்தால் என் செய்வது? அந்நேரத்தில் பிள்ளைகள் பலர் வழியில் இருப்பார்கள். அப்போது 'பயிற்சி இல்லை' என்று அனுப்பினால் சிலர் பாதி வழியில் திரும்புவர், சிலர் வருவர், சிலரைத் தேடிக்கொண்டு பெற்றோர் புறப்படுவர். புயல் வரும்போது எல்லாரும் தெருவில் இருப்பார்கள். ஆதலால் அந்நேரத்துக்குப் பின் நாங்கள் நிறுத்தற்செய்தி அனுப்புவதில்லை. இன்னும் புறப்படாத பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றும், வருகிற பிள்ளைகளைக் கூடத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றும் அறிவிக்கிறோம். ஆட்டத்தின் நடுவில் இடி கேட்டாலும் இவ்வாறே. பந்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் கட்டடத்துக்குள் போகிறார்கள். மரத்தடியும், தகரக் கொட்டகையும், கோல் கம்பத்தருகும், கம்பி வேலியருகும் ஒதுங்கும் இடங்களல்ல. காங்கிரீட் கட்டடத்தின் உட்புறம் நன்று. அது கிட்டாவிட்டால் கண்ணாடிகளை ஏற்றிய, இரும்புக் கூரையுள்ள மோட்டார் வண்டி.

உள்ளே போனதும் இரண்டாம் செய்தி செல்லும்: "பதினெட்டுப் பிள்ளைகள் கூடத்துக்குள் இருக்கிறார்கள், பெயர்கள் கீழே. இப்பொழுது அழைத்துச் செல்ல வரவேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி கழிந்தபின் வாருங்கள் என்று சொல்லுவோம்." தலைகளை எண்ணிப் பெயர்களை எழுதிய பிறகே இதை அனுப்புகிறோம். இடி கேட்கக் கேட்க அரை மணிக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகையால் ஒரு நாள் இரவு ஏழரை வரையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அன்று ஒரு தாய், மகளுக்குப் பசிக்கும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவரையும் உள்ளே உட்காரவைத்தோம்.

'வரவேண்டாம்' என்று சொல்ல மின்னல் ஒன்றே காரணமன்று. 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி கொல்கத்தாவில் விடியுமுன் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று உயிரிழந்தவருள் பெரும்பாலோர், தெருவில் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து மாண்டவர்கள். மைதானம் மேடாக இருந்து நீர் வடிந்திருந்தாலும், அங்கு வரும் வழியில் முழங்கால் நீரும் அதனுள் ஒரு விளக்குக் கம்பமும் இருக்குமானால், அந்நாள் பயிற்சிக்குரிய நாளன்று. எனவே மூன்று மணிக்கு மைதானத்தைப் பார்ப்பவர், பிள்ளைகள் வரும் இரண்டு தெருக்களையும் பார்த்தே வருகிறார்.

வேறு நகரங்களில் வாழும் தமிழர்க்கு இவ்விதிகளில் சிறு மாறுதல் வேண்டியிருக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அன்றாட நிகழ்ச்சி. அங்கு வானத்தைக் காட்டிலும் தேங்கிய நீரையே மிகுதியாகக் கவனிக்கவேண்டும். டில்லியில் மே, ஜூன் மாதங்களில் எழும் புழுதிப் புயலுக்கு முன்னறிகுறி தெரியும் நேரம் குறுகியது. அங்கு கட்டடத்துக்கு அருகிலேயே பயிற்சி நடத்துவது நலம். முடிவு சொல்லும் நேரத்தை அந்தந்த ஊரில் முதலாவதாகப் புறப்படும் பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்று. செய்தி வந்ததும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், பிள்ளையின் பெயரோடு அந்த ஒரு சொல்லை எழுதியனுப்புங்கள். இருபத்தாறு பெயர்களுக்கு எதிரிலும் 'வீட்டில்' என்று குறித்த பிறகே, எங்களுள் கூடத்தில் இருப்பவர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.